ஒரு வருஷமா நஷ்டம்... கச்சிராயபாளையம் சலூனை மூடுவதா, விற்பதா, மாற்றுவதா?

"பாப்பா, நீதான் எக்ஸ்ப்ளெய்னர் எல்லாம் எழுதுறியே, என் கடைக்கு ஒண்ணு எழுதேன்." ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனப்போ பெரியப்பா மகன் சிரிச்சிக்கிட்டேதான் சொன்னார். ஆனால் அவர் கையில் இருந்தது நகைக்கடன் ரசீது. அண்ணியோட நாலு பவுன் கள்ளக்குறிச்சியில் ஒரு அடகு லாக்கரில் இருக்கு. கடைக்கு மாசா மாசம் விழும் துண்டை அடைக்க வாங்கிய கடன் அது.

கடை கச்சிராயபாளையம் மெயின் ரோட்டில் இருக்கும் ஆண்கள் சலூன். மூணு நாற்காலி, ஏசி, ஃபால்ஸ் சீலிங், முழுச் சுவர் கண்ணாடி. சென்னையில் ஆறு வருஷம் கத்திரி பிடித்துவிட்டு வந்து 2023-ல் அண்ணன் ஆரம்பித்தது. முதல் வருஷம் நல்லாவே போச்சு. அடுத்த வருஷம் முழுக்க நஷ்டம். இப்போ வீட்டில் மூணு கட்சி. பெரியப்பா, "ஊருக்குள்ள கடையை மூடினா என்ன பேசுவாங்க" என்கிறார். அண்ணி, "வித்துட்டு நகையை மீட்டுக் கொடு" என்கிறார். அண்ணனோ யூடியூப் பார்த்துவிட்டு, "யுனிசெக்ஸ் ஆக்கிட்டா கூட்டம் வரும்" என்கிறார்.

எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதற்கு முன்னால் கணக்கு. தொகைகளைக் கொஞ்சம் முழு எண்ணாக்கித் தருகிறேன்.

12,500 ரூபாய் நஷ்டம்... உண்மையில் எவ்வளவு?

மாத வருமானம் சராசரி 58,000. செலவு: வாடகை 9,000, வேலை செய்யும் இரண்டு பேருக்குச் சம்பளம் 34,000, அவர்கள் தங்கும் அறைக்கு 4,000, கரண்ட் 4,500, க்ரீம், ஷாம்பு, பிளேடு, கலர் எல்லாம் 6,000, சில்லறைச் செலவு 2,500. மொத்தம் 60,000. இது போக முத்ரா கடனுக்கு இ.எம்.ஐ. 10,500. கூட்டினால் 70,500. அண்ணன் சொல்லும் "மாசம் 12,500 நஷ்டம்" இப்படி வந்ததுதான்.

இந்த எண்ணை வைத்து முடிவெடுத்தால் தப்பாகத்தான் போகும். ஏனென்றால் இதில் ஒரு செலவு தேவையில்லாமல் இருக்கிறது, இன்னொரு செலவு விட்டுப்போயிருக்கிறது.

தேவையில்லாமல் இருப்பது இ.எம்.ஐ. கடையை நாளைக்கே மூடினாலும் வங்கி அந்த 10,500-ஐ கேட்கத்தான் செய்யும். மூடலாமா, நடத்தலாமா என்ற கேள்விக்கு எந்த வழியில் போனாலும் மாறாத செலவு எந்தப் பதிலையும் தராது. அதைத் தனியாக எடுத்து வைத்தால் கடை மாசத்துக்கு 2,000 ரூபாய்தான் இழக்கிறது. "அட, அவ்வளவுதானா" என்று தோணும்.

விட்டுப்போனது அண்ணனோட சம்பளம். காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்குறார், இரவு ஒன்பதுக்கு இறக்குறார். இதே கையோடு கள்ளக்குறிச்சியில் ஒரு நல்ல சலூனில் சேர்ந்தால் அவர் அனுபவத்துக்கு 20,000 தருவதாகக் கேட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் இந்தக் கடையை நடத்துவதற்கு அவர் மாசம் 22,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஃபால்ஸ் சீலிங்குக்கும் கண்ணாடிக்கும் போட்ட பணம் இந்தக் கணக்கில் வரவே வராது. அது போன பணம். "இவ்வளவு போட்டுட்டோமே" என்ற நினைப்பு கடையை இன்னும் ஆறு மாசம் ஓட்ட வைக்கும். அந்த ஆறு மாசம் எவ்வளவு சாப்பிடும் என்று பிறகு பார்ப்போம்.

வாடிக்கையாளர் எங்கே போனார்கள்?

அண்ணனிடம் கேட்டால் ஊரே காரணம். கரும்புப் பணம் ஆலையிலிருந்து லேட்டா வருது, கல்வராயன் மலைக்காரங்க வேலைக்கு வெளியூர் போயிட்டாங்க, கார்த்திகை மாசம் எல்லாரும் மாலை போட்டுடறாங்க. மூணும் உண்மைதான். கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற ஊரில் கரும்புப் பட்டுவாடா எல்லாக் கடையையும் பாதிக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் முடி வெட்டமாட்டார், ஷேவ் பண்ணமாட்டார், அதனால் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை எந்த சலூனுக்கும் மந்தம்தான். ஆனால் முதல் வருஷமும் இதே கார்த்திகை வந்தது, அப்போது கடை லாபத்தில்தான் இருந்தது. ஒரு முழு வருஷக் கணக்கில் தீபாவளிக் கூட்டமும், பள்ளி திறக்கும் ஜூன் மாசமும், ஐயப்பன் சீசனும் எல்லாம் சேர்ந்தே இருக்கிறது. ஒரு மாச நஷ்டத்துக்கு சீசனைக் காட்டலாம், பன்னிரண்டு மாச நஷ்டத்துக்குக் காட்ட முடியாது.

உண்மையைக் கண்டுபிடிக்க நோட்டுப் புத்தகம் இல்லை. எந்தச் சின்னக் கடையிலும் இருப்பதில்லை. ஆனால் க்யூ.ஆர். இருந்தது. கடைக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி யு.பி.ஐ.யில் வருவதால், அந்தச் செயலியில் பழைய மாதங்களின் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, கிழமை வாரியாக எண்ணினோம். ரொக்கத்துக்கு ஒரு உத்தேசம் சேர்த்துக்கொண்டோம். திண்ணையில் உட்கார்ந்து ரெண்டு மணி நேர வேலை.

முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமைக்கு 55 பேர் வந்திருக்கிறார்கள். இப்போது 36. சாதாரண நாட்களில் பெரிய சரிவு இல்லை. சரிவு ஒரே மாதத்தில் ஆரம்பித்திருந்தது. "அந்த மாசம் என்ன ஆச்சுண்ணா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம சீனியர் பையன் நின்னுட்டான். அதே ரோட்டுல புதுக் கடையில சேர்ந்தான்" என்றார்.

இந்தத் தொழிலில் இது புதுசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காத்திருந்து வெட்டிக்கொள்ளும் வாடிக்கையாளருக்கு ஏசி முக்கியமில்லை, தன் தலை தெரிந்த கைதான் முக்கியம். கை போன இடத்துக்கு அவரும் போய்விடுவார். ஊர்ப் பொருளாதாரம் காரணம் என்றால் காத்திருக்கலாம். கை காரணம் என்றால் காத்திருந்து பயனில்லை.

இன்னொரு எண்ணும் கிடைத்தது. மாசம் சுமார் 400 பேர் வருகிறார்கள். செவ்வாய் லீவு போக 26 நாள். நாலு ஞாயிறில் 36 பேர் வீதம் 144, நாலு சனியில் 24 பேர் வீதம் 96. மிச்சம் 18 நாளைக்கு நாளுக்கு ஒன்பது பேர்தான். ஒன்பது தலையை ஒரே ஆள் முடித்துவிடலாம். அந்த 18 நாளும் இரண்டு பேருக்கு முழுச் சம்பளம் போகிறது, மூன்றாவதாக ஒருவர் கல்லாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். சென்னையில் பேர் எடுத்த கை அது. முதலாளி ஆன பிறகு கத்திரி எடுப்பதைக் குறைத்துவிட்டார். சீனியர் பையன் போனப்போ அந்தத் தலைகள் அண்ணன் கைக்கு மாறாததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

மாற்றுவது என்றால் சுருக்குவது

"மாற்றுவது" என்றாலே எல்லோருக்கும் கூட்டுவதுதான் ஞாபகம் வருகிறது. ஃபேஷியல், யுனிசெக்ஸ், பிரைடல். தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் தன் சலூனுக்குள் நூலகம் வைத்தார், 2020 அக்டோபரில் மனதின் குரலில் பிரதமரே அவரோடு பேசினார். எனக்கும் பிடித்த கடை அது. ஆனால் நூலகம் காத்திருப்பவர்களுக்கானது. அண்ணன் கடையில் 18 நாள் காத்திருக்க ஆளே இல்லை.

யுனிசெக்ஸ் கதையும் அப்படித்தான். நம்ம ஊரில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வாசல் வழியாக எத்தனை பெண்கள் உள்ளே வருவார்கள்? தனி வாசல், தடுப்பு, ஒரு பியூட்டிஷியன், புதுசா ஒரு கடன். சலூனை மாற்றுவது என்ற பேரில் இரண்டாவதாக ஒரு தொழில் ஆரம்பிப்பதுதான் இது. ஆசை இருந்தால் ஒரு பியூட்டிஷியனோடு பேசி ரெண்டு முகூர்த்த மாசம் வீட்டுக்கே போய் மேக்கப் போட்டுப் பார்க்கலாம். புக்கிங் வந்தால் பிறகு சுவர் எழுப்பலாம்.

இந்த நஷ்டத்துக்குப் பொருந்துகிற மாற்றம் சுருக்குவதுதான். ஒரு ஆளை 18,000-க்கு முழு நேரமாக வைத்துக்கொண்டு, இரண்டாவது நாற்காலியில் அண்ணனே நிற்பது. சனி, ஞாயிறு எட்டு நாளைக்கு மட்டும் ஒரு ஆளை நாளுக்கு 900 கொடுத்துக் கூப்பிடுவது. சம்பளம் 34,000-லிருந்து 25,200 ஆகிறது. அறைச் செலவில் 2,000 குறையும், சாதாரண நாளில் மதிய நேரம் ஏசியை நிறுத்தினால் கரண்டில் 1,000. மொத்தம் 11,800 மிச்சம். மைனஸ் 2,000-ல் இருந்த கடை பிளஸ் 9,800-க்கு வருகிறது.

கட்டிங் 120 ரூபாய். அதை 140 ஆக்கலாமா என்றால் அண்ணன் பயப்படுகிறார். மாசம் சுமார் 300 கட்டிங், அதாவது 36,000 ரூபாய். 140 ஆக்கினால் அதே 36,000-க்கு 257 பேர் போதும். 43 பேர் கோவித்துக்கொண்டு போகும் வரை நஷ்டமில்லை. இருபது பேர் போனால்கூட 3,200 கூடுதலாக வரும். ஆக, சுருக்கிய கடை நல்லா நடந்தால் மாசம் 13,000.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கள்ளக்குறிச்சி வேலை தரும் 20,000-ஐ அது தொடவில்லை. இங்கேதான் சுருக்குவதோடு மட்டும் நிற்கலாம் என்ற யோசனை எனக்குப் போனது.

நடுவில் ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, இனி நிலைமை மாறும் என்று அண்ணன் நம்பினார். மாறாது. சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். இவருக்கு வருவது கிட்டத்தட்ட ஏழு லட்சம். இவர் வரியே வாங்கியதில்லை. விலை குறையக்கூடியது டவுனில் இருக்கும் பிராண்ட் சலூன்களில்தான். அவர்களுக்கும் உள்ளீட்டு வரிச் சலுகை போய்விட்டதால் முழுசாகக் குறைப்பார்களா என்பது வேறு கேள்வி.

யாருக்கு விற்கிறோம்?

அண்ணன் கேட்கும் விலை 5 லட்சம். அவர் போட்டதை வைத்துச் சொல்கிறார். வாங்குபவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

கடையைப் பிரித்து விற்றால் என்ன வரும்? 18,000-க்கு வாங்கிய ஹைட்ராலிக் நாற்காலிக்கு ஐந்தாயிரம், ஆறாயிரம்தான் கேட்கிறார்கள். ஏசி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 70,000. சீலிங்கும் சுவரோடு ஒட்டிய கண்ணாடியும் கட்டிட உரிமையாளருக்குத்தான். அட்வான்ஸ் ஒரு லட்சத்தில், அக்ரிமென்ட்படி ரெண்டு மாச நோட்டீஸ் வாடகை 18,000, பெயின்ட், ரிப்பேர் என்று ஒரு பத்தாயிரம் போனால் 72,000 கைக்கு வரும். ஆக மூடினால் 1.42 லட்சம். கடனில் 24 தவணை கட்டியாகிவிட்டது, அசல் இன்னும் 2.24 லட்சம் பாக்கி. மூடிய பிறகும் 82,000 கடன் தலையில் நிற்கும்.

இனி ஓடுகிற கடையாகப் பாருங்கள். அண்ணனைப் போல ஆள் வைத்து நடத்துகிறவர் வாங்கினால் அவருக்கும் இது நஷ்டக் கடைதான், ஒரு ரூபாய்கூட அதிகம் தரமாட்டார். ஆனால் அண்ணன், தம்பி ரெண்டு பேரும் கத்திரி பிடிக்கிற ஒரு குடும்பம் வாங்கினால்? அவர்களுக்கு 34,000 சம்பளமும் கிடையாது, 4,000 அறை வாடகையும் கிடையாது. 58,000 வருமானத்தில் வாடகை, கரண்ட், சாமான், சில்லறை என 22,000 போக, 36,000 அவர்கள் வீட்டுக்குப் போகும். அதே கடை, அதே கூட்டம். எங்கள் வீட்டில் நகையை அடகு வைக்க வைத்த கடை இன்னொரு வீட்டுக்கு முழுச் சாப்பாடு போடும்.

சின்னசேலம் பக்கம், சங்கராபுரம் பக்கம், மலையடிவாரக் கிராமங்களில் சின்னக் கடையில் குடும்பமாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மெயின் ரோட்டில், போட்ட கூட்டத்தோடு ஒரு கடை கிடைத்தால் அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே வருமானம். அப்படி ஒருவரிடம் 1.75 லட்சம் கேட்பது நியாயம் என்பது என் கணக்கு. ஐந்து மாச வருமானத்தில் எடுத்துவிடலாம் என்று அவருக்கும் புரியும். அதோடு அட்வான்ஸ் முழுசாக அவர் பேருக்கு மாறினால் அந்த ஒரு லட்சமும் வரும். 2.75 லட்சத்தில் கடன் 2.24 போக 51,000 கையில் நிற்கும்.

மூடினால் 82,000 கடன், விற்றால் 51,000 மிச்சம். வித்தியாசம் 1.33 லட்சம்.

ஆனால் இந்த வித்தியாசத்தைக் காத்திருப்பு தின்றுவிடும். இப்போது நடப்பது போலவே நடத்திக்கொண்டு வாங்க ஆள் வரட்டும் என்று உட்கார்ந்தால் மாசம் 22,000 போகிறது. ஆறு மாசத்தில் 1.32 லட்சம். சரியாக ஆறே மாசத்தில், விற்பதும் மூடுவதும் ஒன்றாகிவிடும். சுருக்கிவிட்டுக் காத்திருந்தால், விலையேற்றம் இல்லாமலேயே, மாசம் 10,200-தான் போகும். அதனால் என் யோசனையில் சுருக்குவது முதல் வேலை, அது விற்பதற்குக் கிடைக்கும் அவகாசத்தை இரட்டிப்பாக்குகிறது.

விற்பதற்கு முன்னால் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். ஒன்று வங்கி. முத்ரா கடனில் வாங்கிய நாற்காலியும் ஏசியும் வங்கியின் பேரில் அடமானமாகத்தான் இருக்கும். சொல்லாமல் விற்றால் அது கடன் ஒப்பந்தத்தை மீறியது. வாங்குபவர் கொடுக்கும் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போய், தடையில்லாச் சான்று வாங்கிய பிறகு சாமான் கை மாறுவது நல்லது. (உங்கள் கடன் பி.எம்.இ.ஜி.பி. என்றால் இன்னும் கவனம். அந்த மானியம் மூன்று வருஷம் வங்கியில் டெபாசிட்டாகத்தான் நிற்கும். அதற்குள் கடையை மூடினால் மானியம் உங்களுக்கு வராமல் போகலாம், முழுக் கடனும் உங்கள் தலையில் விழும்.)

இரண்டாவது கட்டிட உரிமையாளர். வாங்குபவர் பேரில் புது அக்ரிமென்ட் போட அவர் சம்மதிக்காவிட்டால் விற்க எதுவுமே இல்லை. சமயம் பார்த்து வாடகையை 12,000 ஆக்குவேன் என்று அவர் சொன்னால், வாங்குபவரின் 36,000 உடனே 33,000 ஆகிவிடும், விலையும் இறங்கும். விலை பேசும் முன்னால் இந்த வாடகையைப் பேசி முடிக்க வேண்டும்.

மற்றபடி கடை போன் நம்பரையும் கூகுள் மேப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். அண்ணன் ரெண்டு ஞாயிறு கூட நின்று பழைய வாடிக்கையாளரைப் புதுக் கைக்கு அறிமுகப்படுத்துவதாகச் சொன்னால் அதுவே பத்து, இருபதாயிரம் பெறும். போன தடவை கை மாறினப்போ என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியுமே.

தேதி வேண்டும்

நான் சொன்னது இதுதான். வர்ற வாரமே ஒரு ஆளைக் கணக்கு முடித்து, மரியாதையோடு ஒரு மாச அவகாசம் கொடுத்து அனுப்பணும். தீபாவளி வாரம் கடை நிறைஞ்சிருக்கும், வாங்க வர்றவங்களை அப்போ கூட்டிட்டு வாங்க. ஆனா அந்தக் கூட்டத்தை மட்டும் காட்டி ஏமாத்தாதீங்க, பன்னிரண்டு மாச யு.பி.ஐ. ஸ்டேட்மென்ட்டையும் கையில் கொடுங்க. அதைப் பார்த்த பிறகும் வாங்குறவர்தான் பாதியில் பின்வாங்க மாட்டார். கார்த்திகை பிறந்துட்டா ஞாயிற்றுக்கிழமைகூட வெறிச்சோடி இருக்கும், அந்த நேரத்தில் விலை பேசினா எதிராளி கைதான் ஓங்கும். பொங்கலுக்குள்ள ஆள் அமையலைன்னா நோட்டீஸ் கொடுத்துட்டு மூடிடணும்.

திறந்திருக்கும்போதே விற்பதைத்தான் பேசணும் என்றும் சொன்னேன். ஷட்டர் ஒரு மாசம் இறங்கியிருந்தால் அந்த 36 ஞாயிற்றுக்கிழமைத் தலைகளும் வேறு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கும். பிறகு விற்கப் பழைய நாற்காலிதான் மிஞ்சும்.

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "முதலாளியா இருந்துட்டு இன்னொருத்தன் கடையில போய் நிப்பானா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் அண்ணி உள்ளே இருந்து, "இப்போ மட்டும் யாருக்கு சம்பாதிக்கிறாராம்" என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அண்ணன் 5 லட்சத்திலிருந்து 3 லட்சத்துக்கு இறங்கியிருக்கிறார். 1.75-க்கு வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும். போன ஞாயிறு போன் பண்ணினப்போ எடுக்கவில்லை. ராத்திரிதான் திரும்பக் கூப்பிட்டார். "காலையிலேர்ந்து பதினாலு தலை, பாப்பா. என் கையாலே. இடுப்பு விட்டுப்போச்சு" என்றார். குரல் நல்லா இருந்தது. கட்டிட உரிமையாளரைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை போகிறாராம், கடை லீவு அன்னைக்கு.